"கடலைப் பத்திச் சொல்லுங்க" என்றால் எங்கே தொடங்குவது?

அண்ணன் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். வகுப்பில் மூன்று நிமிடம் பேச வேண்டும், தலைப்பு 'கடல்'. "சித்தப்பா, கடலைப் பத்திச் சொல்லுங்க" என்று நோட்டோடு வந்து உட்கார்ந்தாள். பூமியின் பரப்பில் 71 சதவீதத்தை மூன்று நிமிடத்தில் எப்படிச் சொல்வது? அன்று நாங்கள் செய்ததையே இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

1. முதலில் இடத்தை அளந்துகொள்ளுங்கள்

நிதானமாகப் பேசினால் மூன்று நிமிடத்தில் 300 சொல் போகும், அதற்கு மேல் போகாது. அதில் ஒரு காரணத்தை நன்றாக விளக்கலாம், அல்லது இரண்டு விஷயங்களை ஒப்பிடலாம். கேட்கப்போகிறவர்களுக்கு 'ஆவியாதல்' தெரியும், 'அடர்த்தி நீரோட்டம்' தெரியாது. இந்த இரண்டையும் நோட்டின் மேல் ஓரத்தில் எழுதச் சொன்னேன்.

2. எது மனதில் உறுத்துகிறது என்று கேளுங்கள்

அலை, மீன், ஆழம், கப்பல், உப்பு, புயல் என்று அவள் கடகடவென்று எழுதினாள். "இதில் எதைப் பார்த்து 'ஏன் இப்படி?'ன்னு உனக்குத் தோணியிருக்கு?" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு உப்பைத் தொட்டாள். ஆற்றுத் தண்ணீர் உப்புக் கரிப்பதில்லை, அது போய்ச் சேரும் கடல் மட்டும் ஏன் கரிக்கிறது என்பது அவளுக்கு ரொம்ப நாள் சந்தேகமாம். வேறொருவர் உங்களிடம் பரந்த கேள்வி கேட்டாலும் இதையே திருப்பிக் கேளுங்கள். பெரும்பாலும் அவர் மனதில் ஒரு சின்னக் கேள்வி இருக்கும். அதைச் சொல்லத் தெரியாமல்தான் பெரிதாகக் கேட்டிருப்பார்.

3. பெயரைக் கேள்வியாக்குங்கள்

புதிதாக எழுதுகிறவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். 'கடல்' பெரிது என்று 'செங்கடல்' என மாற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். ஆனால் செங்கடலில் பவளப்பாறை இருக்கிறது, 1869-இல் திறந்த சூயஸ் கால்வாய் இருக்கிறது, மீன் இருக்கிறது, வணிகம் இருக்கிறது. வரைபடத்தில்தான் இடம் சுருங்கியது, பேச வேண்டியது அப்படியே கிடக்கிறது. பெயர்ச்சொல்லாக இருக்கும்வரை தலைப்புக்கு எல்லை கிடையாது. 'ஏன்', 'எப்படி' என்று ஒரு கேள்விச்சொல் சேர்ந்தால்தான் பதில் எங்கே முடிகிறது என்பது தெரியும்.

"கடல் ஏன் உப்பாக இருக்கிறது?" என்று எழுதினாள். நல்ல கேள்விதான். பாறைகளைக் கரைத்து ஆறுகள் கொண்டுவருவது, கடலடி வெந்நீர் ஊற்றுகள், கோடிக்கணக்கான ஆண்டுகள் என்று பதில் நீளும். மூன்று நிமிடத்துக்கு அது இன்னும் கொஞ்சம் பெரிது.

4. வேலி போடுங்கள்

இடம், காலம், ஒரே அளவு. இந்த மூன்றில் ஒன்றிரண்டு போதும். கடல்நீர் ஒரு கிலோவில் சராசரியாக 35 கிராம் உப்பு இருக்கும். செங்கடலில் ஏறத்தாழ 40 கிராம். வட ஐரோப்பாவில் உள்ள பால்டிக் கடலின் நடுப்பகுதியில், மேல்மட்ட நீரில் 7 அல்லது 8 கிராம்தான். இதைக் கேட்டதும் அவளே எழுதிவிட்டாள்: "பால்டிக் கடலைவிடச் செங்கடல் ஏன் இவ்வளவு உப்பு?"

5. இருபக்கமும் சோதியுங்கள்

பதிலை மூன்று வரியில் எழுதிப் பாருங்கள். அவள் எழுதியது இது: செங்கடலில் வற்றாத ஆறு எதுவும் வந்து கலப்பதில்லை, மழையும் மிகக் குறைவு. வெயிலில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 மீட்டர் உயரத்துக்கு நீர் ஆவியாகிப் போக, உப்பு தங்கிவிடுகிறது. பால்டிக்கில் பல ஆறுகள் நன்னீரைக் கொட்டுகின்றன, குளிரில் ஆவியாவதும் குறைவு, வெளிக்கடலின் உப்புநீர் உள்ளே வரும் வழியும் குறுகல்.

மூன்று வரிக்குள் காரணமெல்லாம் வந்துவிட்டது, ஒவ்வொன்றையும் விரிக்க இடமும் இருக்கிறது. இதுதான் சரியான அளவு. மூன்று வரியும் பொருளடக்கம் மாதிரி வெறும் தலைப்புகளாக வந்தால் கேள்வி இன்னும் அகலம் என்று அர்த்தம். "செங்கடலில் எவ்வளவு உப்பு?" என்று கேட்டால் '40 கிராம்' என்பதோடு பேச்சு நின்றுவிடும். அது தேவைக்கு மேல் குறுகியது. அப்போது ஒரு படி மேலே ஏறி 'ஏன்' என்று கேளுங்கள்.

6. விட்டதை எழுதி வையுங்கள்

அலை, பவளப்பாறை, ஆழ்கடல் எல்லாம் நோட்டின் கடைசிப் பக்கத்துக்குப் போயின. எழுதும்போது பாதியில் ஏதாவது ஆசை காட்டினால் அங்கே போட்டுவிடலாம். "செங்கடல்னு ஏன் பேர் வந்தது, அதையும் சேர்க்கட்டுமா?" என்று கேட்டாள். அது உப்பைப் பற்றி எதையும் விளக்குமா என்று திருப்பிக் கேட்டேன். அவளே பக்கத்தைப் புரட்டிக் கடைசியில் எழுதிக்கொண்டாள்.