அம்மாவின் செலவை மூவரும் பிரித்துக்கொண்ட விதம்

அம்மா என்னோடு சிங்கப்பூரில், ஈசூனில். அண்ணன் மெல்பர்னில், தங்கை லண்டனில். மாதச் செலவு 1,200 வெள்ளி: பணிப்பெண் சம்பளம் 700, அவளுக்காக அரசுக்குக் கட்டும் முதியோர் சலுகைத் தீர்வை 60, பணிப்பெண்ணின் சாப்பாடு 150, டயப்பரும் மருந்தும் 200, டாக்சி 90. ஆளுக்கு 400 என்று பிரித்தோம். கணக்கு சரி, ஆனாலும் எனக்கு மனம் ஆறவில்லை.

ஒரு மாதம் நோட்டில் எழுதினேன்: இரவில் எழுந்தது 11 முறை, பலதுறை மருந்தகம் 3 முறை, இவற்றுக்காக எடுத்த விடுப்பு 4 நாள். அதைப் படமெடுத்து குடும்பக் குழுவில் போட்டேன். அண்ணன் அன்றிரவே கூப்பிட்டு, "இவ்வளவா? சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார்.

இப்போது அவர்கள் ஆளுக்கு 480, நான் 240. நாணய மாற்று ஏறி இறங்குவதால் தொகையை சிங்கப்பூர் வெள்ளியிலேயே முடிவு செய்தோம். ஜூனில் அண்ணனும் டிசம்பரில் தங்கையும் இரண்டு வாரம் வந்து அம்மாவை முழுதாகப் பார்த்துக்கொள்கிறார்கள். அப்போது இரவில் நான் எழுவதே இல்லை.

இடையில் தங்கைக்கு வேலை நேரம் குறைந்தபோது அவள் பங்கை 300 ஆக்கினோம். மீதி 180ஐ அண்ணன் ஏற்றார். மருத்துவமனைச் செலவு மட்டும் இந்தக் கணக்கில் சேராது; அதைத் தனியே பேசுகிறோம்.