வேகமான இணையத்திலும் வீடியோ அழைப்பு இழுக்கிறதா? பெரிய திட்டத்துக்கு மாறும் முன் இதைப் படியுங்கள்

போன மாதம் பொங்கோலில் தெரிந்தவர் வீட்டுக்குப் போயிருந்தேன். வீட்டு நெட்வொர்க் அமைத்துக் கொடுப்பதுதான் என் தொழில் என்பதால், உட்கார்ந்ததும் அந்தப் பெண் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். “அண்ணா, ஸ்பீட் டெஸ்ட்ல 900 காட்டுச்சு. ஆனா சென்னையில அம்மா பேசுறது எனக்கு லேட்டா வருது. நான் பேசினா அவங்க குறுக்க பேசுறாங்க. 10 ஜிபிபிஎஸ்ஸுக்கு மாறிடலாம்னு இருக்கேன்.”

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பல ஆண்டுகளுக்கு முன் இதையேதான் நானும் செய்தேன். 300 எம்பிபிஎஸ்ஸிலிருந்து 1 ஜிபிபிஎஸ்ஸுக்கு மாறி, 24 மாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன். மாதம் 20 வெள்ளி கூடுதல். அழைப்பு முன்பு எப்படி இழுத்ததோ அப்படியே இழுத்தது. வாடிக்கையாளர்களும் இதே வழியில் பணத்தை இழப்பதைப் பார்க்கும்போது இன்றும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

பெரிய தவறு: தாமதத்துக்கு வேகத்தை வாங்குவது

இணையத் திட்டத்தில் நாம் காசு கொடுத்து வாங்குவது பேண்ட்வித். ஒரு வினாடியில் எவ்வளவு தரவு போகலாம் என்ற அளவு அது. லேட்டன்சி என்பது ஒரு சிறு தரவுப் பொட்டலம் கிளம்பிப் போய்ச் சேர எடுக்கும் நேரம். பிகேஇ விரைவுச்சாலைக்கு இன்னும் நான்கு தடங்கள் போடுங்கள். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் வண்டிகள் வரிசை கட்டி நின்றால், ஜொகூருக்கு நீங்கள் போய்ச் சேரும் நேரம் குறையாது.

வீடியோ அழைப்புக்கு நல்ல தரத்தில்கூட ஏறக்குறைய 4 எம்பிபிஎஸ் போதும். 900 இருக்கும் வீட்டில் அது ஒரு மூலைக்குக் காணாது. ஆனால் பொட்டலம் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரைப்படி, ஒரு பக்கத் தாமதம் 150 மில்லிவினாடிக்குள் இருந்தால் பெரும்பாலான உரையாடல்களுக்குச் சிக்கல் வராது. அதைத் தாண்டிப் போகப் போக ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிடுவது தொடங்கிவிடும்.

திரையைப் பார்த்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். படம் மங்கிக் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் பேண்ட்வித் பற்றாக்குறையைச் சந்தேகியுங்கள். படம் தெளிவாக இருந்து பதில் மட்டும் தாமதமாக வந்தால் லேட்டன்சி. சற்று உறைந்து, பிறகு குரல் அவசரமாக ஓடிப் பிடித்தால், பொட்டலங்கள் சீரான இடைவெளியில் வரவில்லை. அதை ஜிட்டர் என்பார்கள்.

சரி, பொங்கோல் வீட்டுக்கு வருவோம். அவர் அழைப்பில் இருக்கும்போதே மடிக்கணினியில் இன்னொரு சன்னலைத் திறந்து இதை ஓடவிட்டேன்:

```
ping -t 192.168.1.1
```

அது அவர் வீட்டு ரூட்டரின் முகவரி. உங்கள் வீட்டில் வேறாக இருக்கலாம். விண்டோஸில் `ipconfig` என்று அடித்தால் Default Gateway என்ற வரியில் தெரியும். பத்தடி தள்ளி, ஒரே ஒரு சுவருக்கு அப்பால் இருக்கும் ரூட்டர் ஒற்றை இலக்க மில்லிவினாடியில் பதில் சொல்லியிருக்க வேண்டும். 380, 410, 395 என்று வந்துகொண்டிருந்தது. இணைய நிறுவனத்தின் கம்பியை இந்தப் பொட்டலம் தொடவே இல்லை. அத்தனை தாமதமும் வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. அங்கே 10 ஜிபிபிஎஸ் வந்து என்ன செய்யும்?

ரூட்டர் எங்கே என்று கேட்டேன். பாம் ஷெல்டர் கதவைத் திறந்து காட்டினார். அரிசி மூட்டைக்கும் பழைய மின்விசிறிக்கும் நடுவில் மினுமினுத்துக்கொண்டிருந்தது. 1990களின் இறுதிக்குப் பிறகு கட்டிய வீவக வீடுகளில் இந்த அறை இருக்கும். கம்பி நிறைந்த தடித்த கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு. வைஃபை அலையைத் தடுக்க இதைவிடப் பொருத்தமான இடம் வீட்டில் கிடையாது. 900 காட்டிய சோதனையை எங்கே எடுத்தீர்கள் என்றேன். இணைப்பு கொடுக்க வந்தவர் ரூட்டரில் கம்பி செருகி எடுத்துக் காட்டினாராம். அந்தப் பெண் உட்கார்ந்து பேசும் படுக்கையறையில் மேலேற்றும் வேகம் 10 எம்பிபிஎஸ்தான்.

அழைப்புக்கு 10கூடப் போதுமே என்று நீங்கள் கேட்கலாம். போதும், வேறு எதுவும் ஓடாமல் இருந்தால். அவர் மடிக்கணினி அந்த நேரத்தில் மகனின் பிறந்தநாள் காணொளிகளை மேகக் கணினிக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. இப்படி ஏற்றும் ஒத்திசைவுச் செயலிகள் பல, கிடைக்கும் பாதை முழுவதையும் எடுத்துக்கொள்ளும். போக முடியாத பொட்டலங்கள் மடிக்கணினிக்குள்ளேயே வரிசையில் நிற்கும். அந்த வரிசையில் அரை மெகாபைட் தேங்கியது என்று வையுங்கள். அது 4 மெகாபிட். வினாடிக்கு 10 மெகாபிட் போகும் பாதையில் அதைக் கரைக்க 0.4 வினாடி, அதாவது 400 மில்லிவினாடி ஆகும். அம்மாவுக்குச் சொன்ன “சாப்டீங்களா” அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்கிறது.

ஒத்திசைவை நிறுத்தச் சொன்னேன். அடுத்த சில வரிகளிலேயே பிங் 6, 5, 7 என்று இறங்கியது. அந்தப் பக்கம் அம்மா, “இப்பதான் நேர்ல பேசுற மாதிரி இருக்கு” என்றார்.

நிறுத்தி வைப்பது தற்காலிகத் தீர்வுதான். ஷெல்டர் சுவரைத் துளைத்துக் கம்பி இழுக்கக் கூடாது. அதனால் ரூட்டரையே வெளியே கொண்டுவந்து காலணி அலமாரி மேல் வைத்தோம். படுக்கையறை வேகம் 200ஐத் தாண்டியது. காணொளிகள் ஏறிக்கொண்டிருக்கும்போதும் பிங் 20க்கு மேல் போகவில்லை. மேசைவரை ஒரு லேன் கம்பி இழுத்தால் இன்னும் குறையும்.

சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் உள்ள தூரத்தை மறப்பது

கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னைக்குக் கடலடிக் கம்பிவழி ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர். போக 15, வர 15, ஆக 30 மில்லிவினாடி. எந்தத் திட்டம் எடுத்தாலும் இது குறையாது. ஆனால் இவ்வளவு சிறிய தாமதம் பேச்சைக் கெடுப்பதும் இல்லை. லண்டன் என்றால் நேர்கோட்டுக் கணக்கிலேயே போய் வர 100ஐத் தாண்டும்.

ஸ்பீட் டெஸ்ட்டை நம்புவது

சும்மா கிடக்கும் இணைப்பில் எடுத்த பிங்கை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஏற்றும்போதும் இறக்கும்போதும் தாமதம் எவ்வளவு என்று தனியாகக் காட்டும் சோதனையைப் பாருங்கள். அதையும் பேசும் நாற்காலியில் உட்கார்ந்தே எடுங்கள்.

ரூட்டரில் கியூஓஎஸ் போட்டால் எல்லாம் சரியாகும் என்பது

எந்தப் பொட்டலம் முதலில் போக வேண்டும் என்று ரூட்டர் முன்னுரிமை கொடுப்பதுதான் கியூஓஎஸ். வரிசை ரூட்டரில் தேங்கினால் அது உதவும். பொங்கோல் வீட்டில் வரிசை மடிக்கணினியில் இருந்தது. ரூட்டரில் கியூஓஎஸ் போட்டிருந்தாலும் பயன் இருந்திருக்காது.

அலுவலக விபிஎன்னை அணைக்காமல் வீட்டோடு பேசுவது

அந்த விபிஎன் சர்வர் அமெரிக்காவில் இருந்து, உங்கள் தரவு எல்லாம் அதன் வழியே போனால், சென்னைக்குப் போக வேண்டிய உங்கள் குரல் பசிபிக்கைக் கடந்து போய்த் திரும்பி வரும். அணைத்துவிட்டுப் பேசுங்கள்.