பயிற்சி வருகைத் தாள்: ஆடிட்டில் மாட்டிவிடும் தவறுகள்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் கம்ப்ளையன்ஸ் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பயிற்சி ஃபைலை ஆடிட்டரிடம் பெருமையோடு நீட்டினேன். தாளெல்லாம் பளிச்சென்று இருந்தது. அடித்தல் திருத்தல் கிடையாது; 34 பேர், 34 கையெழுத்து. அவர் தாளை அதிக நேரம் பார்க்கவில்லை. தீத்தடுப்புப் பயிற்சித் தாளிலிருந்து மூன்று டோக்கன் எண்களை மட்டும் குறித்துக்கொண்டு, அந்த மாதத்துப் பயோமெட்ரிக் பதிவைக் கேட்டார். மூவரில் ஒருவர் அன்று லீவு. ஊருக்குப் போனவர் எப்படிக் கையெழுத்துப் போட்டார் என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. பயிற்சிக்கு மறுநாள் லைன் சூப்பர்வைசர் தாளை எடுத்துக்கொண்டு போய், விட்டுப்போன கட்டங்களை நிரப்பி வந்திருக்கிறார். அந்த ஒரு கையெழுத்தால் மீதி 33 பேருடையதும் சந்தேகத்துக்கு வந்துவிட்டது.

வருகைத் தாளை யாரும் தனியாகப் படிப்பதில்லை என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. பயோமெட்ரிக், லீவு லெட்டர், சம்பளப் பட்டியல், செக்கிங் ரிப்போர்ட் என்று வேறு தாள்களோடு சேர்த்துத்தான் பார்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை தேதி போட்ட ஒரு பயிற்சித் தாள் இருந்தால், அன்று ஆட்கள் வேலைக்கு வந்தார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. அந்த நாளுக்குச் சம்பளப் பட்டியலில் எதுவும் இல்லையென்றால் விஷயம் பயிற்சியோடு நிற்காது. ஷிப்ட் முடிந்த பிறகு நடத்திய பயிற்சிக்கும் இதே கதைதான். அதனால் பயிற்சித் தேதியைக் குறிக்கும் முன்பே சம்பளப் பிரிவிடம் சொல்லிவைப்பது நல்லது.

கையெழுத்துக்கு வருவோம். பெரும்பாலான இடங்களில் தாள் கடைசியில்தான் சுற்றுக்குப் போகும். எல்லோரும் கிளம்பும் அவசரத்தில் பக்கத்தில் இருப்பவருக்கும் சேர்த்து ஒருவரே போட்டுவிடுவார். ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே வேகம். பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது உடனே தெரியும். நாங்கள் பிறகு தாளைச் சுற்றுக்கு விடுவதையே நிறுத்தினோம். வாசலில் ஒரு மேசை, அங்கே உள்ளே வரும்போது ஒரு கையெழுத்து, போகும்போது இன்னொன்று. இரண்டுக்கும் பக்கத்தில் நேரம். பயிற்சி தொடங்கியதும் தாள் பயிற்சியாளர் கைக்குப் போய்விடும். முடிந்ததும் அவர் தலைகளை எண்ணி, எண்ணிக்கையை எழுத்தில் எழுதி, கடைசிப் பெயருக்குக் கீழே உள்ள காலி வரிசைகளைக் குறுக்குக் கோடு போட்டு அடைத்து, அங்கேயே கையெழுத்திடுவார். அந்தக் கோடு இல்லாத தாளில் எப்போது வேண்டுமானாலும் ஒரு பெயர் புதிதாக முளைக்கலாம்.

கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்கு இடது பெருவிரல் ரேகை, பக்கத்தில் சாட்சியாக இன்னொருவர் கையெழுத்து. ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவர்கள் இருந்தால், பயிற்சி எந்த மொழியில் நடந்தது, மொழிபெயர்த்தது யார் என்பதும் தாளின் தலைப்பில் இருக்க வேண்டும். ஆடிட்டர் தொழிலாளியிடமே போய், “தீ பிடித்தால் எந்த வழியாகப் போவீர்கள்?” என்று கேட்பார். தமிழில் மட்டும் நடந்த வகுப்பில் இந்தி மட்டும் தெரிந்தவரின் கையெழுத்து இருந்து, அவர் இந்தக் கேள்விக்கு விழித்தால், அந்தக் கையெழுத்துக்கு மதிப்பில்லை.

எல்லோரும் அதிகம் சறுக்குவது தாமதமாக வருபவர்கள் விஷயத்தில்தான். பாவம், வேலையை முடித்துவிட்டுத்தானே வருகிறார் என்று பெயரைச் சேர்த்து, தலைப்பில் உள்ள பத்து மணியையே அவருக்கும் எழுதிவிடுகிறோம். ஒரு உதாரணம் பார்ப்போம். 2025 மார்ச் 12, புதன்கிழமை, காலை 10 முதல் 11.30 வரை பயிற்சி. முதல் அரை மணி நேரம் அவசர வழிகளும் கூடும் இடமும். அடுத்த அரை மணி தீயின் வகைகள். கடைசி அரை மணி அணைப்பானைப் பிடித்து இயக்கிப் பார்ப்பது. கட்டிங் பிரிவிலிருந்து ஒருவர் 10.40க்கு வருகிறார். உள்ளே வந்த நேரம் என்ற கட்டத்தில் 10.40 என்றே எழுதி, குறிப்பில் ‘முதல் பகுதி முழுவதும், இரண்டாம் பகுதியில் 10 நிமிடம் விடுபட்டது’ என்று பயிற்சியாளர் எழுத வேண்டும். அன்றைய கணக்கில் அவர் ‘பயிற்சி முடித்தவர்’ இல்லை, ‘பகுதி’ மட்டும்தான்.

மறுநாள் நாற்பது நிமிடம் ஒதுக்கி அவருக்கு முதல் பகுதியையும், விட்டுப்போன பத்து நிமிடத்தையும் நடத்தலாம். அதற்குத் தனித் தாள். முதல் தாளின் எண் TR-2025-014 என்றால் இது TR-2025-014A. இரண்டு தாளிலும் மற்றதன் எண் இருக்க வேண்டும். பழைய தாளில் 10.40 அப்படியே நிற்கட்டும், அதைத் தொடக் கூடாது. எத்தனை நிமிடம் வரை பொறுக்கலாம் என்பதைக் கம்பெனியே முடிவு செய்து நடைமுறையில் எழுதிவைக்கலாம். பத்து நிமிடம் என்று வைத்தால் மேனேஜருக்கும் அதே பத்துதான். ஆனால் நேரத்தை மட்டும் பார்த்தால் போதாது, எது விடுபட்டது என்பதையும் பார்க்க வேண்டும். முதல் ஐந்து நிமிடத்தில்தான் கூடும் இடத்தைச் சொன்னார்கள் என்றால், அந்த ஐந்து நிமிடத்தைத் திரும்பச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

தவறாக எழுதிவிட்டால் பதறி ஒயிட்னரைத் தேட வேண்டாம். பழையது படிக்கத் தெரியும்படி ஒற்றைக் கோடு, பக்கத்தில் சரியானது, திருத்தியவர் கையெழுத்து, திருத்திய தேதி, ஓரிரு சொல்லில் காரணம். அசிங்கமாக இருக்கிறதே என்று புதுத் தாளில் ‘ஃபேர் காப்பி’ எழுதி எல்லோரிடமும் மறுபடி கையெழுத்து வாங்குவதுதான் பெரிய தப்பு. பழைய தேதி போட்ட தாளில் இன்று கையெழுத்து வாங்கினால் அது பொய்ப் பதிவு. வியர்வைக் கறையும் அடித்தலும் உள்ள அசல் தாளை ஆடிட்டர்கள் அதிகம் நம்புவார்கள் என்பது என் அனுபவம்.

வருகைத் தாளில் போன் நம்பர், ஆதார் எண் கேட்கும் கட்டங்களைச் சிலர் வைத்திருக்கிறார்கள். பெண் தொழிலாளர்களின் நம்பரோடு தாள் மேசையில் கிடப்பது நல்லதல்ல. பெயர், டோக்கன் எண், பிரிவு போதும்.

அடுத்து, ஃபைலில் வைப்பது. பலரும் தேதி வாரியாகவே அடுக்குகிறார்கள். ஆடிட்டரோ ஆளை வைத்துக் கேட்பார்: “போன மார்ச்சில் சேர்ந்த இந்த ஓவர்லாக் டெய்லர் தீத்தடுப்புப் பயிற்சி எடுத்தாரா?” தேதி அடுக்கில் இதைத் தேடினால் மதியச் சாப்பாடு தாண்டிவிடும். தாள்களைத் தாள் எண் வரிசையிலேயே வையுங்கள். கூடவே டோக்கன் எண் இடதுபக்கம், பயிற்சிப் பெயர்கள் மேலே, கட்டத்துக்குள் தாள் எண் என்று ஒரு எக்செல் அட்டவணை இருந்தால் போதும். வேலையை விட்டுப் போனவரின் வரிசையை அதிலிருந்து அழிக்காதீர்கள். ஆடிட் நடக்கும் காலப்பகுதியில் அவரும் வேலையில் இருந்தவர்தான்.

ஸ்கேனை அன்று மாலையே எடுத்துவிடுவது நல்லது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய போட்டோவை ஸ்கேனாகக் கணக்கில் வைக்காதீர்கள். படம் சுருங்கி, பெருவிரல் ரேகை வெறும் மைப்பொட்டாக வந்து நிற்கும். கோப்புப் பெயரில் தாள் எண்ணும் தேதியும் இருந்தால் தேட எளிது:

```
TR-2025-014_2025-03-12_fire.pdf
```

அசல் தாளைக் கிழிக்க வேண்டாம். எத்தனை வருடம் வைப்பது என்று சட்டம், தரச் சான்று, ஒவ்வொரு பையர் எழுதிக் கொடுத்த நிபந்தனை எல்லாவற்றையும் பார்த்து, அதில் எது நீளமோ அதையே எல்லாத் தாளுக்கும் வைத்துக்கொள்வது சுலபம். அலமாரி தரையைத் தொடாமல் இருக்கட்டும், சுவரோடு ஒட்டாமல் இருக்கட்டும். எங்கள் ஒரு வருட ஃபைலைக் கரையான் முடித்துவிட்டது. அந்த வருடத்துக்கு ஸ்கேனும் இல்லை.