குழு விவாதத்தில் என் பங்கு எவ்வளவு?

கேம்பஸ் தேர்வுக்கு வந்த முதல் நிறுவனத்தின் குழு விவாதத்தில் நான்தான் அதிகம் பேசினேன். அடுத்த சுற்றுக்கான பட்டியலில் என் பெயர் இல்லை.

நண்பர்கள் ஏழு பேருடன் 15 நிமிட ஒத்திகை நடத்தி, செல்பேசியில் பதிவு செய்து கேட்டேன். எட்டுப் பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 2 நிமிடம்கூட வராது. நான் 6 நிமிடம் பேசியிருந்தேன். நான்கு இடங்களில் மற்றவர் வாக்கியம் முடியும் முன்பே "ஆனால்" என்று குறுக்கிட்டிருந்தேன். அதுதான் மிகவும் உறுத்தியது.

அதன்பின் ஒரு முறைக்கு அரை நிமிடம், மொத்தம் நான்கு முறை என்று வரம்பு வைத்துக்கொண்டேன். தலைப்பைச் சொன்னதும், அது யாரையெல்லாம் பாதிக்கும் என்று மட்டும் தாளில் குறித்துக்கொள்வேன். அடுத்த விவாதத்தின் தலைப்பு, வீட்டிலிருந்து வேலை. ஊழியர், மேலாளர், புதிதாகச் சேர்ந்தவர் என்று எழுதினேன். முதல் இருவரைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள். "பயண நேரம் மிச்சம் என்று இவர் சொன்னது சரி. பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்டே வேலை பழகும் புதியவர் என்ன செய்வார்?" என்றேன். விவாதம் அந்தப் பக்கம் திரும்பியது.

எதிரே ஒருவர் இருமுறை பேச வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். "நீங்கள் ஏதோ சொல்ல வந்தீர்களே" என்றேன். நல்ல கருத்தொன்றைச் சொன்னார். பேச முற்படாதவரை மட்டும் இப்படி இழுக்காதீர்கள், திணறிப்போவார். அன்று நாங்கள் இருவரும் தேர்வானோம்.