விடுப்புக் கடிதத்தில் கெஞ்சல் வேண்டாம்

"கடும் காய்ச்சலால் அவதியுற்று வருவதால் விடுப்பு அளிக்குமாறு தங்களை மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள..." பள்ளியில் மனப்பாடம் செய்தது இது. அலுவலகத்தில் கெஞ்சுவது போல இருக்கும். இரண்டு நாள் காய்ச்சலுக்கு இவ்வளவு சோகம் எதற்கு?

இப்படி எழுதலாம்: "ஐயா, வணக்கம். காய்ச்சல் காரணமாக மார்ச் 4, 5 ஆகிய இரண்டு நாள்களும் எனக்கு விடுப்பு வழங்க வேண்டுகிறேன். நன்றி. இப்படிக்கு..." மரியாதைக்கு 'வேண்டுகிறேன்' ஒன்றே போதும்.

வீட்டில் துக்கம் என்றால் 'இறைவனடி சேர்ந்தார்' சுவரொட்டிக்குச் சரி. கடிதத்தில் 'பாட்டி காலமானார்' என்றாலே போதும். ஆனால் 'தற்செயல் விடுப்பு', 'ஈட்டிய விடுப்பு' போன்றவற்றைப் பழைய சொல் என்று மாற்றிவிடாதீர்கள். அரசு அலுவலகத்தில் அவை விடுப்பு வகைகளின் பெயர்கள்.