விபிஎன் அனுமதி கேட்கும் ஆப்: OK தொடும் முன்

அத்தையின் போனில் பேரன் ஒரு விளையாட்டை இறக்கி வைத்திருந்தான். ஒன்றரை ஜிபி தினசரி டேட்டா மதியத்துக்குள் காலி. விளையாட்டை நீக்கினால் வீட்டில் ரகளை. அதற்கு மட்டும் மொபைல் டேட்டா போகாமல் தடுத்துவிடலாம் என்று, பிளே ஸ்டோரில் NetGuard என்று தேடி நிறுவச் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் போன் வந்தது.

"டேய், இது என்னமோ நெட்வொர்க்கக் கண்காணிப்பேன்னு சொல்லுது. வேவு பாக்குற ஆப்பையா போடச் சொன்ன?"

அத்தை கேட்டதில் தப்பில்லை. திரையில் வந்திருந்தது இதுதான்:

```
Connection request

NetGuard wants to set up a VPN connection that
allows it to monitor network traffic. Only accept
if you trust the source.

                          Cancel    OK
```

இதற்குக் கீழே, விபிஎன், அதாவது போனின் இணையப் போக்குவரத்தை ஒரு ஆப் வழியாகத் திருப்பும் வசதி, இயங்கும்போது திரையின் மேலே ஒரு சாவிக் குறி தெரியும் என்றும் ஒரு வரி இருக்கும். 2011-இல் வந்த ஆண்ட்ராய்டு 4.0 முதல் ஆப்கள் இப்படிக் கேட்க முடிகிறது. சொற்கள் போனுக்குப் போன் கொஞ்சம் மாறலாம், விஷயம் ஒன்றுதான்.

முதலில்: இதைக் கேட்பது யார்?

இந்தப் பெட்டியைக் காட்டுவது ஆண்ட்ராய்டு, ஆப் அல்ல. அதனால் இதில் உள்ள வாசகத்தை ஆப்பால் மாற்ற முடியாது. நல்ல ஆப்பாக இருந்தாலும் மோசமான ஆப்பாக இருந்தாலும் பெயர் மட்டும்தான் மாறும், மற்ற சொற்கள் அப்படியே இருக்கும். "கண்காணிப்பேன்" என்று நெட்கார்டு சொல்லவில்லை. "இதற்கு அனுமதி கொடுத்தால் இதனால் கண்காணிக்க முடியும்" என்று ஆண்ட்ராய்டு எச்சரிக்கிறது. கண்காணிக்குமா, கண்காணித்தால் என்ன செய்யும் என்பதெல்லாம் ஆண்ட்ராய்டுக்கும் தெரியாது. அதனால்தான் உங்களிடம் கேட்கிறது.

கேமரா, மைக் அனுமதிகள் போல ஆப்பின் Permissions பட்டியலில் இது வராது. பின்னால் தேடும்போது பலர் அங்கே போய்ப் பார்த்து ஏமாறுவார்கள். இதற்கான இடம் வேறு, கடைசியில் சொல்கிறேன்.

OK தொட்டால் உள்ளே என்ன நடக்கிறது?

சாதாரணமாக ஒரு ஆப் அனுப்பும் தகவல், சின்னச் சின்னப் பொட்டலங்களாக ஆண்ட்ராய்டு வழியாக நேரே வைஃபைக்கோ சிம்முக்கோ போகும். விபிஎன் தொடங்கியதும் ஆண்ட்ராய்டு ஒரு பொய்யான நெட்வொர்க் வாசலை உருவாக்குகிறது. பெரும்பாலும் அதன் பெயர் `tun0`. மற்ற ஆப்களின் பொட்டலங்கள் அந்த வாசலுக்குத் திருப்பிவிடப்படும். வாசலின் மறுபக்கம் நிற்பது நீங்கள் அனுமதி கொடுத்த ஆப். ஒவ்வொரு பொட்டலமும் அதன் கையில் விழும். அதை வெளியே அனுப்பலாம், தூக்கிப் போடலாம், குறித்து வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் வீட்டுத் தபால் எல்லாவற்றையும் இனிமேல் கீழ்வீட்டுக்காரர்தான் வாங்கிப் போடுவார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டிய உறைக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஆனால் யாருக்குப் போகிறது, எத்தனை மணிக்கு, எவ்வளவு கனம் என்பதெல்லாம் தெரியும். திறந்த கார்டாக இருந்தால் படித்தும் விடலாம்.

இங்கேயும் அப்படியே. உங்கள் வங்கி ஆப்பின் கடவுச்சொல்லும் வாட்ஸப் செய்தியும் ஒட்டிய உறைக்குள் போகின்றன. `https` என்று தொடங்கும் தளங்களும் அப்படித்தான். விபிஎன் ஆப்பால் அவற்றைப் படிக்க முடியாது. ஆனால் எந்த வங்கி, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆண்ட்ராய்டு 10 முதல், ஒரு இணைப்பு எந்த ஆப்பிலிருந்து கிளம்பியது என்பதையும் விபிஎன் ஆப் ஆண்ட்ராய்டிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். வெறும் `http` தளம் என்றால் அது திறந்த கார்டு.

உறைமேல் உள்ளது மட்டும் தெரிந்து என்ன லாபம் என்று தோன்றும். ஒனாவோ என்ற நிறுவனத்தை ஃபேஸ்புக் 2013-இல் வாங்கியது. ஒனாவோவின் இலவச விபிஎன் ஆப், உங்கள் தகவலைப் பாதுகாக்கிறேன் என்று சொல்லித்தான் போன்களில் ஏறியது. மக்கள் எந்தெந்த ஆப்பை எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்று ஃபேஸ்புக் அதை வைத்துக் கணக்குப் பார்த்தது. போட்டி ஆப்களின் வளர்ச்சி இப்படித்தான் அதற்குத் தெரிந்தது. 2018-இல் ஆப்பிளின் கடையிலிருந்தும் 2019-இல் பிளே ஸ்டோரிலிருந்தும் அந்த ஆப் போனது. தகவலை இப்படிப் பயன்படுத்துவதை மக்களுக்குச் சரியாகச் சொல்லாததற்காக 2023-இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம், ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் இரண்டு துணை நிறுவனங்களுக்கு மொத்தம் 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. யார் எந்த ஆப்பை எவ்வளவு பயன்படுத்துகிறார் என்று கணக்குப் பார்க்க, கடவுச்சொல் எதுவும் வேண்டாம், உறைமேல் உள்ளதே போதும்.

அப்படியானால் நெட்கார்டுக்கு இது எதற்கு?

ஒரு ஆப் இன்னொரு ஆப்பின் இணையத்தைத் தடுக்க, ரூட் செய்யாத, அதாவது பூட்டை உடைத்து முழு அதிகாரத்தையும் எடுக்காத ஆண்ட்ராய்டு போனில் இந்த வாசலைத் தவிர வேறு நல்ல வழி கிடையாது. விளம்பரத் தடுப்பான், குழந்தைகள் போனைக் கட்டுப்படுத்தும் ஆப் போன்றவையும் இதனால்தான் பெரும்பாலும் இதே அனுமதியைக் கேட்கின்றன. வெளிநாட்டு சர்வர் எதுவும் இவற்றுக்குத் தேவையில்லை. நெட்கார்டு, நீங்கள் தடுத்த ஆப்களின் பொட்டலங்களைப் போனுக்குள்ளேயே வாங்கி, எங்கும் அனுப்பாமல் விட்டுவிடுகிறது. அவ்வளவுதான்.

சிக்கல் என்னவென்றால், போனுக்குள்ளேயே முடித்துக்கொள்ளும் ஆப்புக்கும், எல்லாவற்றையும் தன் சர்வருக்கு அள்ளிக்கொண்டு போகும் ஆப்புக்கும் ஆண்ட்ராய்டு காட்டும் பெட்டி ஒன்றுதான். "எங்கே போகிறது?" என்பதைப் பெட்டி சொல்லாது. நாம்தான் பார்க்க வேண்டும்.

எங்கே போகிறது என்று பார்ப்பது

1. வீட்டு வைஃபையில் இருங்கள். மொபைல் டேட்டாவில் முகவரி தானாகவே மாறலாம், குழப்பிவிடும்.
2. விபிஎன் போடும் முன் பிரவுசரில் `what is my ip` என்று தேடி, ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து, வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு `203.0.113.25`.
3. ஆப்பில் விபிஎன்னை இயக்கி, OK தொட்டு, மேலே சாவி வந்ததா என்று பாருங்கள்.
4. அதே தளத்தை மறுபடி திறந்து எண்ணை ஒப்பிடுங்கள். தளம் நீளமான முகவரி, குட்டையான முகவரி என்று இரண்டு காட்டினால் குட்டையோடு குட்டையை ஒப்பிட வேண்டும்.

எண் மாறிவிட்டால், உங்கள் பிரவுசரின் தகவல் வேறு ஒருவரின் சர்வர் வழியாகப் போகிறது. அலுவலக விபிஎன்னிலும் காசு கட்டி வாங்கிய விபிஎன்னிலும் அப்படி மாறத்தான் வேண்டும். டார்ச் ஆப்போ வால்பேப்பர் ஆப்போ விபிஎன் கேட்டு, எண்ணும் மாறினால் உடனே நீக்குங்கள். உண்மையில் டார்ச் ஆப் கேட்டபோதே Cancel தொட்டிருக்க வேண்டும், அது வேறு கதை.

எண் மாறவில்லை என்றால் நல்ல அறிகுறி, முழு நற்சான்று அல்ல. பார்த்ததைக் குறித்து வைத்துத் தனியாக அனுப்பும் ஆப்பை இந்தச் சோதனையால் பிடிக்க முடியாது. நெட்கார்டின் மூலநிரல் திறந்தது, யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம். அதற்கு நான் சரி சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

அத்தை போனில் எண் மாறவில்லை. நெட்கார்டின் பட்டியலில் ஒவ்வொரு ஆப்புக்கும் வைஃபைக்கு ஒரு குறி, மொபைல் டேட்டாவுக்கு ஒரு குறி இருக்கும். விளையாட்டின் மொபைல் டேட்டா குறியை மட்டும் தொட்டு அடைத்தோம்.

OK வேலை செய்யவில்லையா?

விரலால் எத்தனை முறை தொட்டாலும் OK அசையாமல் இருக்கலாம். போன் கெட்டுப்போகவில்லை. இரவில் திரையை மஞ்சளாக்கும் ஆப், வெளிச்சத்தைக் குறைக்கும் ஆப் போன்றவை திரைமேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தை விரித்து வைத்திருக்கும். மேலே வேறு ஒன்று மூடியிருக்கும்போது கொடுத்த சம்மதத்தை ஆண்ட்ராய்டு ஏற்காது. ஏமாற்றி OK வாங்கிவிடக் கூடாதே! அந்த ஆப்பைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டுத் தொட்டால் வேலை செய்யும்.

இதற்கு மேல் கேட்டால் நிறுத்துங்கள்

விபிஎன் அனுமதி வாங்கிய பிறகு, "CA certificate ஒன்றை நிறுவுங்கள்" என்று ஒரு ஆப் வழிகாட்டினால், அது ஒட்டிய உறையைப் பிரித்துப் படித்து மறுபடி ஒட்டும் உரிமையைக் கேட்கிறது. ஆண்ட்ராய்டு 7 முதல் பெரும்பாலான ஆப்கள் இப்படி நாமாகப் போட்ட சான்றிதழை நம்புவதில்லை. ஆனால் குரோம் பிரவுசர் நம்பும். உங்கள் அலுவலகம் கொடுத்த போனாக இருந்து, அலுவலகமே சொன்னால் தவிர வேறு எதற்கும் இதைச் செய்யாதீர்கள்.

கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறுவது

ஒருமுறை OK கொடுத்தால் அந்த ஆப் அடுத்த முறை கேட்காமலேயே விபிஎன்னைத் தொடங்கலாம். ஆப்புக்குள் நிறுத்துவது அப்போதைக்கு மட்டும். அனுமதியையே எடுக்க வேண்டுமென்றால்:

```
Settings > Network & internet > VPN
```

சாம்சங் போனில்:

```
Settings > Connections > More connection settings > VPN
```

ஆப் பெயருக்குப் பக்கத்தில் உள்ள பல்சக்கரத்தைத் தொட்டால் Forget என்று வரும், அதைத் தொட வேண்டும். அதே இடத்தில் Always-on VPN, Block connections without VPN என்று இரண்டு பொத்தான்கள் இருக்கலாம். இரண்டாவதை நெட்கார்டுக்கு இயக்காதீர்கள். நெட்கார்டு அனுமதித்த ஆப்கள் வழக்கமாக விபிஎன்னுக்கு வெளியேதான் போகின்றன. அதனால் அவற்றுக்கும் இணையம் நின்றுபோகும்.

பத்து நாள் கழித்து அத்தை மறுபடி கூப்பிட்டார். டேட்டா பழையபடி மதியமே தீர்கிறதாம். "மேலே சாவி இருக்கா அத்தை?" "இருக்குடா, அது அங்கேயேதான் இருக்கு." சாவி இருந்தும் தடை இல்லையென்றால்? VPN பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். நெட்கார்டோடு இன்னொரு பெயரும் இருந்தது, பேரன் விளம்பரம் வராமல் இருக்கப் போட்ட ஆப். ஆண்ட்ராய்டில் ஒரு நேரத்தில் ஒரு விபிஎன்தான் ஓடும், புதிது வந்தால் பழையது வெளியே போய்விடும். பேரன் OK தொட்ட அந்த நொடியே நெட்கார்டு நின்றிருக்கிறது. சாவி அந்த ஆப்புடையது. அதற்கு Forget கொடுத்து நெட்கார்டை மறுபடி இயக்கினோம். பேரன் இன்னும் என்னோடு பேசவில்லை.