ஆண்டு விழாவில் புதுக் காப்பித்தூளை அறிமுகப்படுத்த

கடையின் ஆண்டு விழாவில் புதுக் கலவையைக் காப்பியாகப் போட்டுக் கொடுக்காதீர்கள். வாடிக்கையாளர் கையில் 50 கிராம் பொட்டலமாகக் கொடுத்தனுப்புங்கள். மேலே அரைத்த தேதியை எழுதி, 15 நாளுக்குள் கால் கிலோ வாங்கினால் தள்ளுபடி என்று ஒரு சீட்டையும் இணையுங்கள்.

மண்டபத்தில் அண்டாப் பாலில், சர்க்கரை தூக்கலாகக் கலந்த காப்பியில் எந்தத் தூளும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பழைய வாடிக்கையாளர் தன் வீட்டு ஃபில்டரில், தன் பாலில் குடித்துத்தான் தீர்ப்புச் சொல்வார். முதல் நாள் பழகாத ருசியாகத் தெரிந்தாலும், இரண்டு பேர் உள்ள வீட்டில் 50 கிராம் இரண்டு காலைக்கு வரும். கிலோ 600 ரூபாய் என்றால் பொட்டலத்துக்கு 30 ரூபாய்தான் செலவு. மேடை அலங்காரத்தைக் குறைத்தாலே கிடைத்துவிடும். திரும்பி வரும் சீட்டுகளை எண்ணினால் எவ்வளவு அரைக்கலாம் என்பதும் தெரியும்.

சிக்கரி கலக்காத தூளே வாங்குபவருக்குச் சிக்கரிக் கலவையைக் கொடுத்தால் பலிக்காது. வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் சேவை போன்றவற்றுக்கும் இது உதவாது. அதற்கு விழாவிலேயே பெயரையும் முகவரியையும் பதிந்துகொள்வதுதான் வழி.